அறுவை சிகிச்சை ஆலோசனைக்கு முன் சைகை மொழிபெயர்ப்பாளரின் அறிமுக உரை

வணக்கம் டாக்டர் அருணா. வணக்கம் கலைவாணி. பாக்கியம் அம்மா, உங்களுக்கும் என் வணக்கம்.

என் பெயர் சுமதி. இந்திய சைகை மொழிக்கும் தமிழுக்கும் இடையே மொழிபெயர்ப்பது என் தொழில். அதற்குரிய பட்டயப் படிப்பை முடித்து, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்கிறேன். கலைவாணியின் பித்தப்பைக் கல்லுக்கான அறுவை சிகிச்சையைப் பற்றி நீங்கள் இருவரும் இன்று பேசவிருக்கிறீர்கள் என்று மருத்துவமனை எனக்குத் தெரிவித்தது. என் கட்டணத்தை மருத்துவமனையே கொடுத்துவிடுகிறது. கலைவாணியோ அவருடைய குடும்பத்தாரோ எனக்கு எதுவும் தர வேண்டியதில்லை. இந்த அறிமுகத்தைப் பகுதி பகுதியாக முதலில் தமிழில் சொல்லி, உடனே சைகையிலும் சொல்கிறேன். சைகை மொழிக்குத் தனி இலக்கணம் இருப்பதால், வாயால் பேசிக்கொண்டே கையாலும் சொன்னால் இரண்டுமே அரைகுறையாகிவிடும்.

டாக்டர், நீங்கள் பேசத் தொடங்கியதும் நான் சிறிது பின்தங்கிச் சைகையில் தருவேன். கலைவாணி சைகையில் சொல்வதைத் தமிழில் உங்களுக்குச் சொல்வேன். அப்போது நான் “எனக்கு வலிக்கிறது” என்று சொன்னால், அந்த ‘நான்’ கலைவாணிதான். ஆகவே “அவருக்கு எப்போதிலிருந்து வலி என்று கேளுங்கள்” என்று என்னிடம் சொல்லாமல், “உங்களுக்கு எப்போதிலிருந்து வலி?” என்று அவரையே பார்த்துக் கேளுங்கள். அவர் பெரும்பாலும் என் கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதனால் அவர் கவனம் உங்கள்மேல் இல்லை என்று நினைக்க வேண்டாம். உங்களையும் என்னையும் அவர் ஒரே பார்வையில் காண வேண்டும் என்பதற்காகத்தான், உங்கள் நாற்காலிக்குச் சற்றுப் பின்னால் பக்கவாட்டில் நிற்கிறேன். என் முகக்கவசத்தைக் கழற்றியிருப்பதற்கும் காரணம் உண்டு. புருவம் உயர்வதும் உதடு குவிவதும் சைகை மொழியின் இலக்கணத்தில் அடங்கும். கேள்வியா, கூற்றா என்பதே பல நேரங்களில் முகத்தில்தான் தெரியும். தொற்றைத் தடுக்க நான் அதை அணிந்தே ஆக வேண்டும் என்றால், முகம் தெரியும்படியான தடுப்பு ஒன்றைத் தந்து உதவுங்கள்.

ஸ்கேன் படத்தையோ கணினித் திரையையோ காட்டும்போது, முதலில் அதைப் பார்க்கச் சிறிது நேரம் கொடுத்து, அவர் கண் என் பக்கம் திரும்பிய பிறகு விளக்குங்கள். கேட்கும் நோயாளி படத்தைப் பார்த்தபடியே உங்கள் விளக்கத்தையும் கேட்டுக்கொள்வார். கலைவாணிக்குப் பார்ப்பதும் கேட்பதும் கண்ணால்தான் என்பதால், அவர் ஒன்றை முடித்துத்தான் மற்றொன்றுக்கு வர முடியும்.

சில மருத்துவச் சொற்களுக்கு எல்லோரும் ஏற்ற சைகை கிடையாது. அவற்றை விரல்களால் எழுத்து எழுத்தாகக் காட்டி, அந்த உறுப்பு உடலில் எங்கே இருக்கிறது, என்ன வேலை செய்கிறது என்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கும். நீங்கள் ஒரு வரியில் சொன்னதற்கு நான் ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டால், என் சொந்தக் கருத்து எதையும் சேர்க்கிறேன் என்று எண்ண வேண்டாம். உங்கள் சொல் எனக்கே தெளிவாகவில்லை என்றால் ஊகித்துச் சொல்ல மாட்டேன். “மொழிபெயர்ப்பாளர் விளக்கம் கேட்கிறார்” என்று வெளிப்படையாகச் சொல்லி உங்களிடம் கேட்பேன், கேட்டதைக் கலைவாணிக்கும் தெரிவிப்பேன்.

தலையசைப்பைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். சைகையைப் பார்த்துக்கொண்டிருப்பவர் தலையசைப்பது பெரும்பாலும் “தொடருங்கள், கவனிக்கிறேன்” என்பதற்காகத்தான். அதைப் “புரிந்தது” என்றோ “சம்மதம்” என்றோ எடுத்துக்கொள்ளாமல், அவர் விளங்கிக்கொண்டதை அவரையே திருப்பிச் சொல்லச் சொல்வது நல்லது. சம்மதப் படிவத்துக்கு இது மிகவும் பொருந்தும். காது கேளாதவர் பலருக்கு எழுத்துத் தமிழ் இரண்டாம் மொழிதான். படிவத்தைக் கையில் கொடுத்துவிட்டால் படித்துக்கொள்வார் என்று விட்டுவிட முடியாது. ஆனால் நானே அதைப் படித்து, எனக்குத் தெரிந்தபடி விளக்குவதும் முறையன்று. நீங்கள் ஒவ்வொரு பகுதியாக விளக்குங்கள், நான் மொழிபெயர்க்கிறேன். கையெழுத்திடுவதும் மறுப்பதும் கலைவாணியின் முடிவு. சாட்சியாகவும் நான் கையெழுத்திட மாட்டேன்.

கலைவாணி, இனி உங்களிடம் சொல்கிறேன். இந்த அறையில் நீங்கள் சொல்வது எதையும் நான் வெளியே சொல்ல மாட்டேன். காது கேளாதோர் சங்கக் கூட்டத்திலோ திருமண வீட்டிலோ நாம் சந்திக்கலாம். நம் வட்டம் சிறியது. அங்கே உங்கள் உடல்நிலையைப் பற்றி நானாகப் பேச்செடுக்க மாட்டேன், பிறர் கேட்டாலும் சொல்ல மாட்டேன். நான் எடுக்கும் சிறு குறிப்புகளைப் புறப்படும் முன் உங்கள் கண் முன்னாலேயே கிழித்துவிடுவேன். என் சைகை விளங்காவிட்டால் உடனே நிறுத்துங்கள். உங்கள் ஊர்ப்பக்கத்துச் சைகை வேறாக இருந்தால் எனக்குக் காட்டுங்கள். வேறொரு மொழிபெயர்ப்பாளர்தான் வேண்டும் என்று நீங்கள் சொன்னாலும் எனக்கு வருத்தம் இல்லை, அது உங்கள் உரிமை.

“நீங்களாக இருந்தால் ஆபரேஷன் செய்துகொள்வீர்களா அக்கா?” என்று என்னைக் கேட்டால், அந்தக் கேள்வியை அப்படியே டாக்டரிடம் சொல்வேன், நான் பதில் சொல்ல மாட்டேன். டாக்டர் வெளியே போனால் நானும் வெளியே போய்விடுவேன். அது பாராமுகம் அன்று. தனியாக என்னிடம் சொல்லும் முக்கியமான செய்தி ஒன்று டாக்டர் காதுக்கு எட்டாமல் போய்விடக் கூடாது, அவ்வளவுதான்.

இந்த அறையில் பேசப்படும் அனைத்தையும் நான் மொழிபெயர்ப்பேன். டாக்டர் செவிலியரிடம் தாழ்ந்த குரலில் சொல்வது, தொலைபேசியில் பேசுவது, கலைவாணி தம் அம்மாவிடம் சைகையில் முணுமுணுப்பது எல்லாமே அதில் வரும். மொழிபெயர்க்கக் கூடாத பேச்சு இருந்தால், அதை அறைக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

பாக்கியம் அம்மா, இத்தனை வருடங்களாக மகளுக்கு நீங்கள்தான் காதும் வாயுமாக இருந்திருக்கிறீர்கள். நான் அந்த இடத்தைப் பறிக்க வரவில்லை. இன்று நீங்கள் மொழிபெயர்க்கும் பாரம் இல்லாமல் தாயாக மட்டும் உட்காரலாம். நீங்கள் சொல்ல விரும்புவதைச் சொல்லுங்கள். அதையும் கலைவாணிக்குச் சொல்வேன். ஆனால் அவரைக் கேட்ட கேள்விக்கு நீங்கள் பதில் சொன்னால், “இது அம்மா சொன்னது” என்று சேர்த்தே அவருக்குச் சொல்வேன். நீங்கள் உள்ளே இருப்பதா வேண்டாமா என்பதைக் கலைவாணியே முடிவு செய்யட்டும்.

டாக்டர், மருத்துவ ஆலோசனையாக அன்றி, பேச்சுத் தொடர்பு குறித்து மட்டும் இரண்டு செய்திகள். வயிற்றைச் சோதிக்க அவரைப் படுக்க வைத்தால், நான் தலைமாட்டருகே, அவர் உடல் என் கண்ணில் படாதபடி நின்றுகொள்வேன். என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை அவர் படுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் கண்ணை மூடிக்கொண்டாலோ வேறு பக்கம் திரும்பினாலோ அவருக்கு எந்தச் சொல்லும் எட்டாது. மற்றொன்று, அறுவை சிகிச்சை நாளில் சலைன் ஏற்றவோ கருவிகள் பொருத்தவோ கை வேண்டியிருக்கும். அவர் பேசுவது கைகளால்தான். எந்தக் கை தமக்கு முதன்மையானது என்பதை முன்னதாகவே அவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். மயக்கம் தெளிந்து கண் விழிக்கும்போது மொழிபெயர்ப்பாளர் அருகில் இருக்கலாமா என்பதையும் இன்றே நீங்கள் இருவரும் பேசி முடிவு செய்துகொள்ளலாம்.

நான் சொன்னவற்றில் உங்களில் யாருக்காவது கேள்வி இருக்கிறதா? அம்மா உடன் இருக்கலாம் என்று கலைவாணி சொல்கிறார். ஜன்னல் வெளிச்சம் என் முதுகுப் பக்கமிருந்து வருவதால் என் கைகள் சரியாகத் தெரியவில்லையாம். திரையை மட்டும் இழுத்துவிட்டு வருகிறேன். சரி டாக்டர், நீங்கள் கலைவாணியிடம் பேசத் தொடங்கலாம்.