வேதியியல் துறை: ஆய்வக வினைப்பொருள், கண்ணாடிப் பொருள் இருப்புப் பட்டியல்

சரிபார்த்த நாள்கள்: 2025 ஏப்ரல் 28, 29
வைப்பறை: முதல் தளம், அறை 14
தயாரித்தவர்: ஆய்வகப் பொறுப்பாசிரியர், எண்ணும்போது ஆய்வக உதவியாளர்கள் இருவரும் உடனிருந்தனர்

இதுவரை பாட்டில்கள் ஆங்கில அகர வரிசையில் நின்றன. தேட வசதிதான், ஆனால் அந்த வரிசையில் நைட்ரிக் அமிலத்துக்குப் பக்கத்தில் நைட்ரோபென்சீன் வந்து நிற்கும். ஒன்று உடைந்து மற்றொன்றோடு கலந்தால் என்ன ஆகும் என்பதை எந்த அகர வரிசையும் பார்ப்பதில்லை. எனவே இந்த முறை எண்ணி முடித்ததும் தீங்கின் தன்மைப்படி இடம் மாற்றி வைத்திருக்கிறோம். எடுத்த பாட்டில் எடுத்த அலமாரிக்கே திரும்ப வேண்டும். ஒவ்வொரு பாட்டிலிலும் வந்த தேதியும் திறந்த தேதியும் எழுதியிருக்க வேண்டும். திறந்த தேதி இல்லாத பாட்டிலை வகுப்புக்குக் கொடுக்க வேண்டாம்.

அலமாரி 1: கனிம அமிலங்கள் (கீழ்த்தட்டு, பிளாஸ்டிக் தட்டங்களுக்குள்)

- சல்பூரிக் அமிலம், அடர், 98%: 2.5 லிட்டர், 6 பாட்டில் (1 திறந்தது)
- ஹைட்ரோகுளோரிக் அமிலம், 35%: 2.5 லிட்டர், 8 பாட்டில் (2 திறந்தவை)
- நைட்ரிக் அமிலம், 69%: 2.5 லிட்டர், 4 பாட்டில் (1 திறந்தது), தனித் தட்டத்தில்

கண் மட்டத்துக்கு மேல் எந்த அமிலமும் இருக்கக் கூடாது. ஒரு பாட்டில் சல்பூரிக் அமிலத்தில் அமிலம் மட்டுமே 4.6 கிலோ, கழுத்தைப் பிடித்துத் தூக்காமல், அடியில் கை கொடுத்து, வாளியில் வைத்து எடுத்துச் செல்லுங்கள். நீர்க்கும்போது நீரில்தான் அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். நைட்ரிக் அமிலம் வெளிச்சத்தில் சிதைந்து மஞ்சளாகும்; பழுப்புப் பாட்டிலிலிருந்து மாற்ற வேண்டாம். அசிட்டோன், எத்தனால் போன்ற கரிமப் பொருள் எதுவும் அதன் அருகில் வரக் கூடாது.

அலமாரி 2: காரங்கள்

- சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகள்: 500 கிராம், 9 டப்பா
- பொட்டாசியம் ஹைட்ராக்சைடு: 500 கிராம், 4 டப்பா
- அம்மோனியா கரைசல், 25%: 2.5 லிட்டர், 5 பாட்டில்

அமில அலமாரிக்கு எதிர்ச் சுவரில் இருக்கிறது. அம்மோனியாவும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் அருகருகே இருந்தால், மூடிகள் இறுகியிருந்தாலும், நாளடைவில் பாட்டில்களின் மேல் அம்மோனியம் குளோரைடு வெண்படலமாகப் படியும். காரக் கரைசல்களை பிளாஸ்டிக் பாட்டிலில் வையுங்கள். கண்ணாடி மூடி போட்டால் ஒட்டிக்கொள்ளும்.

அலமாரி 3: தீப்பற்றும் திரவங்கள் (உலோக அலமாரி)

- எத்தனால்: 500 மி.லி., 14
- அசிட்டோன்: 2.5 லிட்டர், 3
- டொலுயீன்: 2.5 லிட்டர், 2
- பெட்ரோலியம் ஈதர்: 2.5 லிட்டர், 1
- கிளேசியல் அசிட்டிக் அமிலம்: 2.5 லிட்டர், 2
- டைஎத்தில் ஈதர்: 500 மி.லி., 2

அசிட்டிக் அமிலம் ஏன் இங்கே என்று கேட்பவர்களுக்கு: அது எரியும் பொருள், நைட்ரிக் அமிலத்தோடு சேரக் கூடாது. 16.6° செல்சியசுக்குக் கீழே உறைந்துவிடும். உறைந்தால் வெந்நீரில் நிறுத்துங்கள், சுடரில் காட்டாதீர்கள்.

ஈதர்தான் இந்த அறையிலேயே அதிகக் கவனம் கேட்கும் திரவம். கொதிநிலை 34.6° செல்சியஸ். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. மேசையோடு தவழ்ந்து தொலைவில் எரியும் பர்னரையும் எட்டிவிடும். காற்றுப் பட்டால் பெராக்சைடு உண்டாகிறது, அது வெடிக்கும். திறந்த பாட்டிலை 6 மாதத்துக்கு மேல் வைத்திருப்பதில்லை. இரண்டில் ஒன்று 2024 ஜூனில் திறந்தது. அகற்றும் பட்டியலில் சேர்த்திருக்கிறோம். மூடியைச் சுற்றிப் படிகம் தெரியும் ஈதர் பாட்டிலைத் திறக்கவே கூடாது. சாதாரணக் குளிர்பதனப் பெட்டியிலும் வைக்க வேண்டாம். உள்ளிருக்கும் மின்பொறியே போதும்.

குளோரோஃபார்ம் (500 மி.லி., 3) எளிதில் தீப்பற்றாது என்பதால் தனியாக, இருண்ட கீழ்த்தட்டில் இருக்கிறது. வெளிச்சமும் காற்றும் பட்டால் அதிலிருந்து ஃபாஸ்ஜீன் வாயு உண்டாகும். காரத்தின் முன்னிலையில் அசிட்டோனோடு சேர்ந்தால் கடுமையாக வினைபுரியும். கழிவு டப்பாவிலும் இரண்டையும் கலக்கக் கூடாது.

அலமாரி 4: ஆக்சிஜனேற்றிகள்

- பொட்டாசியம் பெர்மாங்கனேட்: 500 கிராம், 5
- பொட்டாசியம் டைகுரோமேட்: 500 கிராம், 4
- பொட்டாசியம் நைட்ரேட்: 500 கிராம், 3
- ஹைட்ரஜன் பெராக்சைடு, 30%: 500 மி.லி., 2 (காற்றுத்துளை மூடி)

இந்த அலமாரியில் காகிதம், பஞ்சு, மரத்தூள் எதுவும் வேண்டாம். பெர்மாங்கனேட் தூளின் மேல் கிளிசரால் சிந்தினால் சற்று நேரத்தில் தானே தீப்பிடிக்கும். டைகுரோமேட் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது. கையுறையோடு எடைபோடுங்கள், தரம்பார்த்தலில் மிஞ்சும் கரைசலைத் தொட்டியில் கொட்டாமல் 'குரோமியக் கழிவு' டப்பாவில் ஊற்றுங்கள்.

பூட்டிய பெட்டி (சாவி: பொறுப்பாசிரியர், துறைத்தலைவர்)

- சில்வர் நைட்ரேட்: 25 கிராம், 7
- மெர்குரிக் குளோரைடு: 100 கிராம், 1
- சோடியம் உலோகம்: 250 கிராம் டப்பா, 1 (பயன்படுத்தியது போக மீதி)

சோடியத் துண்டுகள் எண்ணெய்க்கு மேலே தலைகாட்டினால் எண்ணெய் சேர்க்க வேண்டும். தீப்பிடித்தால் உலர்ந்த மணல் மட்டுமே. நீரும் கார்பன் டைஆக்சைடு தீயணைப்பானும் ஆகாது. மணல் வாளி பெட்டிக்குக் கீழேயே இருக்கிறது, அதில் குப்பை போடாதீர்கள். டாலன்ஸ் கரணியை யாரும் பாட்டிலில் சேமிக்க வேண்டாம்: வைத்திருந்தால் வெடிக்கும் வெள்ளிச் சேர்மம் உண்டாகும். வகுப்பன்று தயாரித்து, முடிந்ததும் நீர்த்த நைட்ரிக் அமிலம் சேர்த்து அழித்துவிடுங்கள்.

பிக்ரிக் அமிலம்: 100 கிராம், 1 பாட்டில். தொட வேண்டாம்.

வலது மூலையில் இருந்த பழைய மர அலமாரியின் பின்வரிசையில் கிடைத்தது. லேபிளில் 2011 என்று இருக்கிறது. கண்ணாடி வழியாகப் பார்த்தால் மஞ்சள் தூள் வெடிப்பு விட்டு, ஓரங்களில் சுவரை விட்டு விலகி நிற்கிறது. ஈரத்தின் அடையாளமே இல்லை. மூடியின் மரைக்குக் கீழே மெல்லிய மஞ்சள் கோடு தெரிகிறது. குறைந்தது 30% நீரோடு வைக்க வேண்டிய பொருள் இது. உலர்ந்தால் உராய்வுக்கே வெடிக்கக் கூடும். ஆகவே திறக்கவில்லை, நகர்த்தவில்லை, எடை பார்க்கவில்லை. மர அலமாரியைப் பூட்டி, எச்சரிக்கை ஒட்டி, துறைத்தலைவர் வழியாகக் கல்லூரி முதல்வருக்கு எழுதியிருக்கிறோம். வல்லுநர்கள் வந்து எடுக்கும்வரை அந்த மூலையில் துடைப்பம்கூடப் போகக் கூடாது.

கண்ணாடிப் பொருள்கள்

பியூரெட், 50 மி.லி.: மொத்தம் 64. நல்லவை 47, நுனி உடைந்தவை 9, திருகு இறுகியவை 8. இறுகிய எட்டும் சோடியம் ஹைட்ராக்சைடு ஊற்றிக் கழுவாமல் விட்டவை. வகுப்பு முடிந்ததும் நீரால் கழுவி, திருகைத் திறந்து, தலைகீழாக நிறுத்தினால் இந்த இழப்பே இல்லை. ரப்பர் குழாய் பொருத்திய பியூரெட்டில் பெர்மாங்கனேட்டும் அயோடினும் ஊற்றக் கூடாது. ரப்பரோடு வினைபுரிந்து அளவு தவறும்.

பிப்பெட், 20 மி.லி.: 58 (நுனி உடைந்தவை 6). ரப்பர் பல்பு 30. வாயால் உறிஞ்சுவது முற்றிலும் தடை. ஒரு வகுப்புக்கு 32 மாணவர்கள் வருவதால் இன்னும் 10 பல்புகள் கேட்டிருக்கிறோம்.

கூம்புக் குடுவை, 250 மி.லி.: 142 (விரிசல் 11). பீக்கர்: 100 மி.லி. 96, 250 மி.லி. 88, 500 மி.லி. 24. திட்டக் குடுவை: 100 மி.லி. 72, 250 மி.லி. 30, இவை 20° செல்சியசில் அளவிடப்பட்டவை, சூடான அவனில் உலர்த்த வேண்டாம். சோதனைக் குழாய்கள் பெட்டிக் கணக்கில், 12 பெட்டி.

வட்ட அடிக் குடுவை, 250 மி.லி.: 22. இவற்றில் 3 குடுவைகளின் அடியில் நட்சத்திர விரிசல் இருக்கிறது. விளக்குக்கு எதிரே சுழற்றிப் பார்த்தால்தான் தெரியும். சூடேற்றவோ வெற்றிடத்தில் பயன்படுத்தவோ கூடாது என்பதால் சிவப்பு நாடா கட்டியிருக்கிறோம்.

பாதரச வெப்பமானி 14, ஆல்கஹால் வெப்பமானி 25. பாதரசம் சிந்தினால் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். கந்தகத் தூள் தூவி, காகித அட்டையால் திரட்டி, மூடியுள்ள பாட்டிலில் போடுங்கள்.

அகற்ற அனுமதி வேண்டியவை

2024 ஜூனில் திறந்த டைஎத்தில் ஈதர் 1. மேலே குறித்த பிக்ரிக் அமிலம் 1. லேபிள் அழிந்த பாட்டில்கள் 5 (முகர்ந்தோ ஊகித்தோ பெயர் எழுத வேண்டாம்). நுனி உடைந்த பியூரெட் 9, பிப்பெட் 6. விரிசல் விட்ட கூம்புக் குடுவை 11, வட்ட அடிக் குடுவை 3. உடைந்த கண்ணாடிக்கு அட்டைப் பெட்டி கதவருகே இருக்கிறது. காகிதக் குப்பையோடு சேர்த்தால் துப்புரவுப் பணியாளர் கையைக் கிழிக்கும்.