பொருள்: தலைமை நிதி அதிகாரி பொறுப்பு – ரகசியம், மாறுபடும் ஊதியம், பங்கு குறித்து என் பதில்

9 அக்டோபர் 2025

மதிப்பிற்குரிய திரு. மதிவாணன் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் வாடிக்கையாளரான பம்ப் நிறுவனத்தின் தலைமை நிதி அதிகாரி பொறுப்புக்காகத் திங்கட்கிழமை நீங்கள் அனுப்பிய கடிதத்தையும் பொறுப்பு விவரத்தையும் இரண்டு முறை படித்தேன். பேச விருப்பம் உண்டு. அதற்கு முன் மூன்று விஷயங்களில் நாம் ஒத்துப்போக வேண்டும்.

முதலில் ரகசியம். நான் இருப்பது பட்டியலிடப்பட்ட நிறுவனம். அங்கே நிதிப் பொறுப்பில் மாற்றம் என்பது செபி விதிகளின்படி பங்கு விலையைப் பாதிக்கக்கூடிய தகவல். நான் விலகினால் சந்தைக்கு முறைப்படி அறிவிக்க வேண்டும். விலகல் கடிதத்தையே காரணங்களோடு வெளியிட வேண்டும். அப்படிப்பட்ட செய்தி கசிந்தால் சங்கடம் எனக்கு மட்டும் இல்லை, நிறுவனத்துக்கும் இயக்குநர் குழுவுக்கும் சேர்த்துத்தான்.

கோவையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இங்கே காலையில் பேசியது மாலைக்குள் ரேஸ்கோர்ஸ் நடைபாதையை ஒரு சுற்று சுற்றி வந்துவிடும். பெயரை மறைத்து நீங்கள் அனுப்பிய விவரத்தில் ஆலைகளின் எண்ணிக்கையும் முதலீட்டு நிதியம் உள்ளே வந்த ஆண்டும் இருந்தன. பம்ப் தொழிலில் இருப்பவர்களுக்கு அது எந்த நிறுவனம் என்று கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் கூட ஆகாது, எனக்கும் ஆகவில்லை. என் பெயரை மட்டும் எடுத்துவிட்டு என் சுயவிவரத்தை நீங்கள் கொடுத்தாலும் இதே கதைதான் நடக்கும். ஆகவே இத்துடன் ஒரு பக்கச் சுருக்கத்தை இணைத்திருக்கிறேன். அதில் ஆண்டுகள், தொகைகள், வங்கிப் பெயர்கள் எதுவும் இல்லை. இப்போதைக்கு இதை மட்டும் கொடுங்கள். முழுச் சுயவிவரம் யார் கைக்குப் போகும் என்பதை எழுத்தில் எனக்குச் சொல்லி, நான் சம்மதம் என்று பதில் எழுதிய பிறகே அது போக வேண்டும். என்னைப் பற்றி யாரிடமும் விசாரிப்பது சம்பள உறுதிக் கடிதம் வந்த பிறகுதான். அவர்களின் தணிக்கையாளர் எங்களுக்கும் பழக்கமானவர் என்பதையும் மனதில் வையுங்கள்.

சென்ற வாரம் உங்கள் அலுவலகத்திலிருந்து என் அலுவலக எண்ணுக்கு அழைப்பு வந்தது. நல்லவேளை, நானே எடுத்தேன். இனி இந்த மின்னஞ்சலும் என் கைப்பேசியும் மட்டும் போதும்.

சம்பளச் சீட்டுகளை இப்போது தர இயலாது. என் எண்களை நானே எழுதித் தருகிறேன். கடிதம் கையெழுத்தாகும்போது சரிபார்த்துக்கொள்ளலாம். நிலையான ஊதியம் ஆண்டுக்கு 1.10 கோடி. மாறுபடும் ஊதியம் 30 லட்சம். கடந்த மூன்று ஆண்டுகளில் அதில் 100, 64, 88 சதவீதம் கைக்கு வந்தது. மாதிரிக்காக நீங்கள் கேட்ட மாதாந்திர நிர்வாக அறிக்கை எங்கள் நிறுவனத்தின் சொத்து. அதில் ஒரு பக்கம்கூடத் தர மாட்டேன். அதைத் தருகிற ஒருவரை உங்கள் வாடிக்கையாளர் நிதிப் பொறுப்பில் வைக்கவும் கூடாது.

அடுத்தது, ஆண்டு ஊதியம் என்று நீங்கள் எழுதிய 2.40 கோடி. அதில் 1.20 நிலையானது, 60 லட்சம் மாறுபடுவது, 60 லட்சம் 'பங்கு மதிப்பு'. உறுதியாக வருவது பாதிதான். மாறுபடும் 60 லட்சத்தைப் பற்றி என் கேள்வி ஒன்றே: கடந்த மூன்று ஆண்டுகளில் இந்த நிலையில் இருந்தவர்களுக்கு அதில் எத்தனை சதவீதம் உண்மையில் கொடுக்கப்பட்டது? அந்த எண் இல்லாமல் 60 லட்சம் வெறும் அச்செழுத்து.

இலக்கு செயல்பாட்டு லாபம் மட்டும்தான் என்றால் எனக்கு ஒப்புதல் இல்லை. மே மாதத்தில் மழை முந்திக்கொண்டால் பாசனப் பம்ப் விற்பனை படுத்துவிடும். தாமிரமும் வார்ப்பிரும்பும் ஏறினால் லாபம் கரையும். இரண்டும் நிதி அதிகாரியின் கையில் இல்லை. வசூலும் சரக்கிருப்பும் கையில் உண்டு. பிஎம்-குசும் சூரிய பம்ப் ஆர்டர்கள் அதிகம் இருக்கும் நிறுவனத்தில் அரசுப் பாக்கியைப் பிடித்து வருவதே ஒரு தனி வேலை. ஆகவே பாதி லாபத்துக்கும், மீதி ரொக்க வரவுக்கும் நடைமுறை மூலதன நாட்களுக்கும் என்று பிரிக்கக் கேட்கிறேன். இலக்குகளை ஏப்ரலுக்குள் எழுத்தில் தர வேண்டும். ஆண்டின் நடுவே மாற்றக்கூடாது. இன்னொரு வரி முக்கியம். கொடுக்கும் தேதியில் பணியில் இருந்தால் மட்டுமே என்ற நிபந்தனையை ஏற்க மாட்டேன். மார்ச் 31 வரை உழைத்த ஆண்டுக்கான பணம் அந்த ஆண்டுக்கே உரியது. நான் எதிர்பார்ப்பது நிலையானது 1.35 கோடி, மாறுபடுவது 45 லட்சம்.

கடைசியாகப் பங்கு. ஆண்டுக்கு 60 லட்சம் என்று ரூபாயில் சொன்னால் எனக்கு எதுவும் விளங்காது. மாற்றத்தக்க பத்திரங்களையும் ஊழியர்களுக்காக ஒதுக்கிய பங்குகளையும் சேர்த்த மொத்தத்தில் எனக்கு எத்தனை சதவீதம், எந்த வாங்கும் விலையில், கடைசி மதிப்பீடு எப்போது, எவ்வளவு என்று சொல்லுங்கள்.

வரியையும் பாருங்கள். 10,000 விருப்பப் பங்குகள், வாங்கும் விலை 100 ரூபாய், அன்றைய மதிப்பு 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நான் 10 லட்சம் கட்ட வேண்டும். வித்தியாசமான 50 லட்சம் அந்த ஆண்டின் சம்பள வருமானமாகிவிடும். மொத்த வருமானம் 2 கோடியைத் தாண்டினால் கூடுதல் வரியும் செஸ்ஸும் சேர்ந்து 39 சதவீதம், அதாவது 19.5 லட்சம். விற்க முடியாத ஒரு காகிதத்துக்காக ஏறத்தாழ 30 லட்சத்தைக் கையிலிருந்து எடுத்து வைக்க வேண்டும். தகுதிபெற்ற ஸ்டார்ட்அப்களுக்கு இருக்கும் வரித் தள்ளிவைப்புச் சலுகை நாற்பது வயதுப் பம்ப் நிறுவனத்துக்குக் கிடைக்காது.

எனவே, முதலீட்டு நிதியம் வெளியேறும்போதோ பங்கு வெளியீட்டின்போதோ வாங்கிக்கொள்ளும் உரிமை வேண்டும். நான் முறையாக விலகினால் உரிமையான பங்குகளை மூன்று மாதத்தில் இழக்கக்கூடாது. நிறுவனம் கைமாறினால் மீதி அனைத்தும் உடனே என் உரிமையாக வேண்டும். ஒதுக்கீட்டுக்கும் முதல் உரிமைக்கும் இடையே ஓராண்டு என்பது சட்டம். அதில் வாதம் இல்லை. பங்கு தருவது நிறுவனர் குடும்பத்துக்குச் சங்கடம் என்றால், மதிப்பு உயர்வை வெளியேற்றத்தின்போது ரொக்கமாகத் தரும் திட்டத்தையும் பரிசீலிப்பேன். ரொக்கம் கைக்கு வரும்போதுதான் வரியும் வரும். இங்கே நான் இழக்கும் விருப்பப் பங்குகளுக்கு ஈடாக ஒருமுறைத் தொகை கேட்பேன். கணக்கை நேரில் காட்டுகிறேன். ஈராண்டுக்குள் நானே விலகினால் மாத விகிதப்படி திருப்பித் தருவதில் எனக்குத் தடையில்லை.

செப்டம்பர் காலாண்டு முடிவுகளை நவம்பர் 14க்குள் வெளியிட வேண்டும். கணக்கில் கையெழுத்திடுபவள் நான். அதுவரை உங்கள் வாடிக்கையாளரைச் சந்திப்பதில்லை. நவம்பர் 15 சனிக்கிழமை அல்லது அதற்குப் பிறகு, கோவைக்கு வெளியே எங்கே என்றாலும் வருகிறேன். என் அறிவிப்புக் காலம் 90 நாட்கள்.

இதற்குள் மாறுபடும் ஊதிய வரலாறும் பங்கு எண்களும் கிடைத்தால் நன்று. நாம் இருவரும் பேச 12ஆம் தேதி ஞாயிறு மாலை 4 மணி எனக்கு வசதி. நானே உங்களை அழைக்கிறேன்.

அன்புடன்,
இந்திரா
கோவை