அம்மிணி இட்லி தோசை மாவு: கொழிஞ்சாம்பாறை வீடியோ விளம்பரம், முழு ஸ்கிரிப்ட்

(லோக்கல் கேபிளுக்கும் வாட்ஸப்புக்கும் ஒரே வீடியோ தான். ஷூட்டிங் மாவு யூனிட்ல கொஞ்சம், வீட்டு சமையல்கட்டுல கொஞ்சம். பேசறது அக்கா, அவங்க மாமியார், அப்புறம் மாவு வாங்க வர்ற சித்தூர் டீச்சர். எழுதுனத அப்படியே ஒப்பிக்க வேண்டாம், வீட்ல பேசற மாதிரி பேசுனா போதும்.)

(கேமரா நேரா தோசைக்கல்லுல இருந்து ஆரம்பிக்கணும். ஒரு கரண்டி மாவு ஊத்தி இழுக்கறாங்க, மேல குழி குழியா வருது, ஓரம் செவக்குது. அதுவரைக்கும் கட் பண்ணாதீங்க. மியூசிக் வேண்டாம், கல்லு சத்தம் மட்டும் கேக்கட்டும்.)

அக்கா: வணக்கமுங்க. கொழிஞ்சாம்பாறைல இருந்து பேசறோம், அம்மிணி மாவு. இந்த தோசை எத்தனாம் நாள் மாவுன்னு நெனைக்கறீங்க? மூணாம் நாளுங்க. ஓரம் இப்படி செவந்து மொறுமொறுன்னு வர்றதுக்கு மூணாம் நாள் மாவு தான் சரி, மொத நாள் மாவுல இந்த கலர் வராது, ஆனா மொத நாள் மாவுல இட்லி ஊத்துனீங்கன்னா அது வேற மாதிரி. நாங்க சொல்ல வந்ததே அது தானுங்க. மாவு தினமும் மாறிட்டே இருக்கும், எந்த நாள் எதுக்குன்னு தெரிஞ்சா ஒரு பாக்கெட்ல ஒரு சொட்டு கூட வீணாகாது.

(யூனிட். கிரைண்டர் ஓடுது. உளுந்து பொங்கி வர்றத கிட்டக்க காட்டணும்.)

அக்கா: இதுல என்னென்ன இருக்குன்னு மொதல்ல சொல்லிடறேன், ஏன்னா எல்லாரும் கேக்கறது அது தான். இட்லி அரிசி, தோல் நீக்குன முழு உளுந்து, வெந்தயம், தண்ணி. அவ்வளவு தானுங்க. சோடா போடறதில்ல, பிரிசர்வேடிவ் போடறதில்ல, உப்பும் போடறதில்ல. உப்பு ஏன் இல்லன்னா ஒவ்வொரு வீட்லயும் ஒரு அளவு, சின்ன குழந்தைக்கு தனியா ஊத்தற வீடு இருக்குது, பிரஷர் இருக்கறவங்க இருக்காங்க, அதனால எடுத்து ஊத்தும்போது நீங்களே போட்டுக்கலாம்.

அரிசி நாலு பங்குக்கு உளுந்து ஒரு பங்கு. நம்ம பாலக்காடு பக்கம் மட்டை அரிசி சோத்துக்கு அருமையான அரிசி, அதுக்கு புவிசார் குறியீடே இருக்குது, ஆனா வெள்ளை வெளேர்னு பூ மாதிரி இட்லி வேணும்னா குண்டு இட்லி அரிசி தான் வேணும். அரைக்கறது கல்லு போட்ட கோயமுத்தூர் கிரைண்டர். மிக்ஸில அரைச்சா சூடு ஏறிடும், உளுந்து பொங்காது. இங்க ஐஸ் தண்ணி தெளிச்சு தெளிச்சு அரைக்கறோம், உளுந்தோட அந்த வழவழப்பு தான் புளிக்கும்போது வர்ற காத்த உள்ளயே பிடிச்சு வெக்கும், அது இல்லன்னா இட்லி தட்டையா கெடக்கும்.

மாமியார்: அரிசிய ரவ பதத்துல விடணும் அம்மிணி, அத சொல்லு.

அக்கா: ஆமாங்க அத்தை. அரிசிய ரொம்ப நைசா அரைக்கறதில்லீங்க, விரல்ல தொட்டா லேசா நறநறன்னு இருக்கணும். உளுந்து மட்டும் தான் வெண்ணெய் மாதிரி. ரெண்டையும் கையில தான் கலக்கணும்னு அத்தை சொல்வாங்க, யூனிட்ல அதுக்கு கையுறை போட்டு கலக்கறோம். ராத்திரி அரைச்சு, பாதி அளவுக்கு மட்டும் புளிக்க விட்டு, பாக்கெட் போட்டு குளிர் ரூமுக்கு போயிடும். விடிகாலைல கடைக்கு வர்ற வரைக்கும் அந்த குளிர் விட்டுப்போகாத மாதிரி ஐஸ் பெட்டில தான் வண்டி ஏறும்.

(வீட்டு சமையல்கட்டு. இட்லி சட்டி மூடிய திறக்கறாங்க, ஆவி.)

மாமியார்: துணி போட்டு அவிச்ச இட்லி இது. கொஞ்சம் தண்ணி தெளிச்சு துணிய உருவுனா ஒட்டாம வந்துரும். பிச்சு பாரு கண்ணு, உள்ள வல மாதிரி இருக்குதா? அமுக்கி விட்டா எந்திரிக்கணும். வாயில போட்டா பிசுபிசுன்னு பல்லுல ஒட்டக்கூடாது.

டீச்சர்: நான் தேங்கா சட்னி கூட எடுத்துக்கல பாட்டி, வெறும் இட்லியே போதும். லேசா ஒரு புளிப்பு இருக்குது, உளுந்து வாசம் நல்லா வருது.

அக்கா: டீச்சர், நீங்க ராமசேரி இட்லி சாப்பிட்டு வளர்ந்தவங்க, நீங்க சொன்னா அதுக்கு ஒரு மரியாத இருக்குது. (கேமராவ பாத்து) எலப்புள்ளி பக்கம் ராமசேரில மண் பானை மேல துணி கட்டி அவிக்கறாங்களே, அந்த இட்லி தனி ருசி, அதோட போட்டி போட நாங்க வரல. இது வீட்ல தினமும் அவசரத்துல ஊத்தறதுக்கு, பசங்கள எட்டு மணி பஸ்ஸுக்கு அனுப்பற வீட்டுக்கு.

(இந்த இடம் முக்கியம், அவசரப்பட வேண்டாம். மேசை மேல அஞ்சு கிண்ணம், அஞ்சு நாள் மாவு, ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல அதுல செஞ்ச பலகாரம்.)

அக்கா: இப்ப நாள் கணக்கு. பாக்கெட் போட்ட தேதில இருந்து அஞ்சு நாள், ஃபிரிட்ஜ்ல நாலு டிகிரி இல்ல அதுக்கும் கீழ இருந்தா. மொத நாளும் ரெண்டாம் நாளும் இட்லிக்கு. ஃபிரிட்ஜ்ல இருந்து எடுத்த உடனே ஊத்தாதீங்க, வேணுங்கற அளவு மட்டும் கிண்ணத்துல எடுத்து உப்பு போட்டு வெளிய வைங்க. மார்ச், ஏப்ரல் வெயில்ல ஒரு மணி நேரம் போதும், மார்கழி மாசம் நம்ம பக்கம் கணவாய் காத்து அடிக்குமே, அப்ப மூணு மணி நேரம் கூட ஆகும். மாவு கொஞ்சம் எந்திரிச்சு மேல குமிழி விட்டா ஊத்தலாம்.

மூணாம் நாள், நாலாம் நாள் தோசைக்கு. கொஞ்சம் தண்ணி விட்டு இளக்கிக்கோங்க. கல்லு நல்லா காஞ்சதும் தண்ணி தெளிச்சு துடைச்சுட்டு ஊத்துங்க. அஞ்சாம் நாள் புளிப்பு நல்லா ஏறியிருக்கும், அத இட்லி ஊத்திட்டு மாவு சரியில்லன்னு சொல்லாதீங்க. சின்ன வெங்காயம், பச்ச மிளகா, கருவேப்பில தாளிச்சு கொட்டி குழிப்பணியாரம் ஊத்துங்க, இல்லன்னா ஊத்தாப்பம். அந்த புளிப்புக்கும் வெங்காயத்துக்கும் அப்படி ஒரு பொருத்தமுங்க, எங்க வீட்ல அஞ்சாம் நாளுக்காகவே மாவ மிச்சம் வெப்போம்.

டீச்சர்: எனக்கு ஒரு சந்தேகம். நேத்து பாக்கெட் பலூன் மாதிரி உப்பியிருந்துச்சு, கெட்டுப்போச்சோன்னு பயந்துட்டேன்.

அக்கா: எல்லாரும் கேக்கறாங்க டீச்சர். மாவு உள்ள புளிச்சுட்டு தான் இருக்குது, அப்ப காத்து வரும், அதுல பாக்கெட் உப்பும். அந்த காத்து வெளிய போகத்தான் மேல மூலைல ஊசி முனை அளவு ஒரு ஓட்டை விட்டிருக்கோம், அதனால பாக்கெட்ட படுக்க வெச்சா ஒழுகும், நிக்க வெச்சே வைங்க. உப்பறது தப்பில்ல. தப்பு எதுன்னா, மேல பச்சையாவோ ரோஸாவோ கருப்பாவோ புள்ளி புள்ளியா பூஞ்சை, இல்ல பஞ்சு மாதிரி எதாச்சும், இல்ல புளிப்பு வாசத்துக்கு பதிலா அழுகுன வாசம். இதுல எது இருந்தாலும் மேல வழிச்சு போட்டுட்டு கீழ இருக்கறத ஊத்தலாம்னு பாக்காதீங்க, முழுசா கொட்டிடுங்க. பாக்கெட்ல இருக்கற தேதிக்கு முன்னாடி அப்படி ஆயிருந்தா வாங்குன கடைல காட்டுங்க, வேற பாக்கெட் தருவாங்க.

மாமியார்: ஏம்மிணி, அந்த கரண்டி ஈரமா இருக்குது பாரு. ஈரக்கரண்டி விட்டா அஞ்சு நாள் எங்க நிக்கும்?

அக்கா: அத்தை சொல்றது தான் பாதி விஷயம். காஞ்ச கரண்டி. எடுத்த மாவு மிஞ்சுனா திரும்ப பாக்கெட்ல ஊத்தாதீங்க, உப்பு போட்டு வெளிய இருந்த மாவு சேந்தா மொத்தமும் சீக்கிரம் புளிச்சுரும். பிரிச்ச பாக்கெட்ட ஸ்டீல் டப்பால மாத்திக்கலாம், ஆனா பாதி டப்பா காலியா விடுங்க, பொங்கி வழியும்.

(ஃபிரிட்ஜ் திறக்கறது. கை விட்டு இடத்த காட்டணும்.)

அக்கா: வைக்கற இடம் இது. உள்பக்கம், பின்னாடி. கதவுல வைக்கவே வைக்காதீங்க, தெறக்க தெறக்க சூடு காத்து படற இடம் அது தான். இந்த வீடியோல வேற எதுவும் ஞாபகம் இல்லைன்னாலும் இத மட்டும் ஞாபகம் வைங்க. ராத்திரி பூரா கரண்ட் இல்லாம போச்சுன்னா காலைல மொத வேலையா மாவ தொட்டு பாருங்க, ஜில்லுனு இருந்தா பிரச்சன இல்ல, சூடாயிருந்தா அன்னிக்கே தோசையோ பணியாரமோ ஊத்தி முடிச்சுருங்க, மறுபடி குளுர வெச்சு நாள எண்ணாதீங்க. ஃபிரிட்ஜ் இல்லாத வீடா, அரை கிலோ பாக்கெட் வாங்கி அன்னிக்கே முடிக்கறது தான் நல்லது, ஒரு கிலோ வாங்காதீங்கன்னு கடைக்காரங்க கிட்டயே சொல்லி வெச்சிருக்கோம்.

(அடை மிக்ஸ் டப்பா.)

அக்கா: கூடவே அடை மிக்ஸும் இருக்குதுங்க. அரிசி, கடலப்பருப்பு, துவரம்பருப்பு, வர மிளகா, சீரகம், பெருங்காயம் எல்லாம் வறுத்து கொரகொரன்னு பொடிச்சது. தண்ணி விட்டு அரை மணி நேரம் ஊற வெச்சு, முருங்கக்கீர கிள்ளி போட்டு தட்டுங்க. பிரிக்காத பாக்கெட் மூணு மாசம், பிரிச்சா ஒரு மாசத்துக்குள்ள. இது ஃபிரிட்ஜுக்கு வேண்டாம், காத்து போகாத டப்பா போதும், ஆனா ஜூன்ல மழை பிடிச்சுதுன்னா நம்ம ஊர்ல சுவரே வேர்க்கும், அப்ப டப்பாவ அடுப்பு ஆவி படற இடத்துல வைக்காதீங்க.

(கடைசி. பாக்கெட் பின்பக்கம், கையில பிடிச்சு திருப்பி.)

அக்கா: பின்னாடி பாருங்க, பாக்கெட் போட்ட தேதி, எது வரைக்கும் ஊத்தலாம்ங்கற தேதி, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. லைசென்ஸ் நம்பர் 14 இலக்கம், பச்ச குறி. தேதி அழிஞ்சிருந்தா யார் மாவா இருந்தாலும் வாங்காதீங்க, எங்களுதா இருந்தாலும் தான். அரை கிலோ 38 ரூபா, ஒரு கிலோ 70 ரூபா, ஒரு கிலோல 18 இட்லி தாராளமா வரும். கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டு, வேலந்தாவளம், ஒழலப்பதி, கோபாலபுரம், சித்தூர், மீனாட்சிபுரம் கடைங்கள்ல கெடைக்கும். பொள்ளாச்சி வண்டி காலைல ஆறு மணிக்கு கோபாலபுரம் வழியா போகும், அந்த பக்கத்து கடைக்காரங்க பாக்கெட்ல இருக்கற நம்பருக்கு முந்தின நாள் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள சொல்லிட்டா மறுநாள் காலைல ஐஸ் பெட்டியோட எறக்கிடுவோமுங்க.

(பாக்கெட் படமும் விலையும் திரையில நிக்கும். தமிழ்லயும் மலையாளத்துலயும்.)