இரண்டாம் இயல்: முன்னாய்வுப் பத்தியின் திருத்தம்

தம்பி, நீங்கள் அனுப்பிய பத்தி இது:

"சங்கப் பாடல்கள் வாய்மொழிப் பாடல்கள் என்று கைலாசபதி கூறுகிறார். 1968இல் வந்த நூலில் கைலாசபதி சங்கப் பாடல்கள் வாய்மொழிப் பாடல்கள் என்று ரொம்ப அழகாகக் கூறுகிறார். ஹார்ட்டும் 1975இல் வாய்மொழி பற்றிக் கூறுகிறார். ஆனால் டீக்கன் 2001இல் இதை மறுத்துக் கூறுகிறார்."

முதல் இரண்டு வாக்கியமும் ஒன்றுதான், ஒன்றை எடுத்துவிட்டேன். "ரொம்ப அழகாக" ஆய்வேட்டில் வேண்டாம். நான்கு முறை "கூறுகிறார்" வருவதால் யார் ஒப்பிட்டார், யார் மறுத்தார் என்பது மங்கிப்போகிறது. இதைவிட முக்கியம், "ஹார்ட்டும்" என்ற உம்மை. அது அவரைக் கைலாசபதியின் கட்சியில் சேர்த்துவிடுகிறது. இருவருக்கும் இடையிலுள்ள வேறுபாடுதான் உங்கள் ஆய்வுக்கு உயிர்.

திருத்திய வடிவம்:

"சங்கப் பாடல்களைக் கிரேக்க வீரநிலைக் கவிதையோடு ஒப்பிட்ட கைலாசபதி (1968), அவற்றில் மீண்டும் மீண்டும் வரும் தொடர்களை வாய்மொழிப் புனைவின் சான்றுகளாகக் கொள்கிறார். ஹார்ட் (1975) வாய்மொழி மரபின் செல்வாக்கை ஏற்றாலும், பாணர் முதலியோரின் பாடல்களை முன்மாதிரியாகக் கொண்டு கற்றறிந்த புலவர்கள் இயற்றியவை இவை என வாதிடுகிறார். டீக்கன் (2001) இவ்விரு நிலைப்பாடுகளையும் மறுத்து, இவற்றைப் பிற்கால அரசவைப் படைப்புகளாகக் கருதுகிறார்."

சரி, ஒவ்வொரு நூலுக்கும் பக்க எண்ணைச் சேர்த்துவிடுங்கள். அப்புறம், இந்த மூவரில் நீங்கள் யாரோடு எங்கே உடன்படுகிறீர்கள் என்று அடுத்த பத்தியை நீங்களே எழுதுங்கள்; அதை நான் தொடமாட்டேன்.