ஹெச்.ஆர். ஹெல்ப்டெஸ்க்: அடிக்கடி வரும் கேள்விகளுக்கு நாம் அனுப்பும் பதில்கள்

ஒரகடம் யூனிட் ஹெல்ப்டெஸ்கில் உட்காரும் எல்லோருக்கும்,

கீழே உள்ள பதில்களை வாட்ஸப்பிலும் மெயிலிலும் பயன்படுத்தலாம். எல்லாமே நிஜக் கணக்கு போல முழுதாக எழுதியவை. கேட்டவரின் பே-ஸ்லிப்பைத் திறந்து வைத்து, தொகையையும் தேதியையும் அவருக்கேற்ப மாற்றிவிட்டு அனுப்புங்கள். டீ பிரேக்கில் போனை எடுப்பவருக்கு முதல் வரியிலேயே விடை தெரிய வேண்டும். காரணமும் ஆறுதலும் அப்புறம் வரட்டும். "தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது" என்று யாரும் இனி எழுத வேண்டாம். அதைப் படித்தவர் அடுத்த நிமிடமே போன் செய்கிறார்.

"சம்பளம் இன்னும் வரலை"

> வணக்கம். உங்கள் சம்பளம் நேற்று மாலை அனுப்பப்பட்டது. ஆனால் பேங்க் அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. நீங்கள் கொடுத்திருந்த கிளையின் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு மாறிவிட்டதுதான் காரணம். புது பாஸ்புக்கின் முதல் பக்கத்தைப் போட்டோ எடுத்து இன்று 12 மணிக்குள் இங்கேயே அனுப்புங்கள். மாலைக்குள் மறுபடி அனுப்பிவிடுகிறோம். இன்றைக்கே வாடகை, இ.எம்.ஐ. கட்ட வேண்டியிருந்தால் சொல்லுங்கள். அக்கவுன்ட்ஸில் பேசி முதலில் உங்களுடையதை அனுப்பச் சொல்கிறோம்.

கடைசி வரியை எழுதினால் செய்தாக வேண்டும். அக்கவுன்ட்ஸில் ஆள் இல்லாத நாளில் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

"இந்த மாசம் ஏன் பணம் குறைவா வந்திருக்கு?"

அதிகம் வரும் கேள்வி இதுதான். மொத்தத்தில் குறைந்ததும் கையில் குறைந்ததும் வேறு வேறு தொகை. இரண்டையும் சொல்லாவிட்டால் கணக்கு தப்பு என்று திரும்பி வருவார்கள், அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கும்.

> வணக்கம். 9, 10 ஆகிய இரண்டு நாட்கள் சம்பளமில்லா விடுப்பாகப் பதிவாகியிருக்கின்றன. அதனால்தான் 1,349 ரூபாய் குறைவாக வந்திருக்கிறது. உங்கள் மாதச் சம்பளம் 19,240. அதை 26-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 740. இரண்டு நாளுக்கு 1,480. சம்பளம் குறைந்ததால் பி.எஃப். 120 ரூபாயும் இ.எஸ்.ஐ. 11 ரூபாயும் குறைவாகப் பிடித்திருக்கிறோம். அவற்றைக் கழித்தால் 1,349. அந்த நாட்களுக்கு சூப்பர்வைசரிடம் லீவு சொல்லியிருந்தால், அவர் 20-ஆம் தேதிக்குள் சிஸ்டத்தில் ஏற்றாமல் விட்டிருக்கலாம். அவர் இப்போது ஒப்புதல் கொடுத்தாலும் போதும், அடுத்த மாதச் சம்பளத்தோடு சேர்த்துத் தந்துவிடுவோம். நீங்கள் தனியாக லெட்டர் எழுத வேண்டியதில்லை.

"பி.எஃப். பாஸ்புக்ல கம்பெனி பங்கு கம்மியா காட்டுதே?"

> வணக்கம். கம்பெனி உங்கள் பங்குக்குச் சமமாக 1,560 ரூபாய் கட்டியிருக்கிறது. அது பாஸ்புக்கில் இரண்டாகப் பிரிந்து தெரிகிறது. உங்கள் பேசிக்கும் டி.ஏ.வும் சேர்ந்து 13,000. அதில் 12 சதவீதம் 1,560 உங்களிடம் பிடிக்கிறோம். கம்பெனி கட்டும் 1,560-இல், அந்த 13,000-க்கு 8.33 சதவீதமான 1,083 ரூபாய் பென்ஷன் கணக்குக்குப் போகிறது. மீதி 477 பி.எஃப். கணக்கில் விழுகிறது. பென்ஷனுக்குப் போன தொகை அதே பாஸ்புக்கில் தனிக் கட்டமாக இருக்கும், பாருங்கள்.
>
> இருப்பைத் தெரிந்துகொள்ள யு.ஏ.என்.-இல் பதிவான போனிலிருந்து 9966044425 என்ற எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் போதும். தமிழில் வேண்டுமென்றால் `EPFOHO UAN TAM` என்று 7738299899-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள்.

"பி.எஃப். பணம் எடுக்க அப்ளை பண்ணேன், எப்ப வரும்?"

> வணக்கம். நம் பக்கம் முடிந்துவிட்டது; உங்கள் விண்ணப்பம் இப்போது பி.எஃப். அலுவலகத்தில் இருக்கிறது. எந்த நாளில் பணம் வரும் என்பது அவர்கள் கையில் இருப்பதால் நாங்கள் தேதி சொல்லி உங்களை நம்ப வைக்க விரும்பவில்லை. 20 நாள் தாண்டியும் வராவிட்டால் `epfigms.gov.in` தளத்தில் புகார் பதியலாம். பதியத் தெரியாவிட்டால் மதிய ஷிஃப்ட் முடிந்து ஹெல்ப்டெஸ்குக்கு வாருங்கள், சேர்ந்து பதிவோம். உங்கள் ஓ.டி.பி.யை மட்டும் யாருக்கும் சொல்லாதீர்கள். எங்களுக்கும் வேண்டாம், நீங்களே டைப் செய்யுங்கள்.

"இன்க்ரிமென்ட் வந்துச்சு, இ.எஸ்.ஐ. போயிடுமா?"

பயத்தோடு கேட்கும் கேள்வி. வீட்டில் யாருக்காவது மருந்து ஓடிக்கொண்டிருக்கும். அவசரமாக "ஆமாம், போய்விடும்" என்று அனுப்பிவிடாதீர்கள்.

> வணக்கம், இன்க்ரிமென்டுக்கு வாழ்த்துகள். இ.எஸ்.ஐ. உடனே நிற்காது. ஜூலையில் உங்கள் சம்பளம் 21,000 ரூபாய் வரம்பைத் தாண்டினாலும், ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான கட்டண காலம் முடியும்வரை 0.75 சதவீதம் பிடித்தம் தொடரும். அக்டோபரிலிருந்து பிடிக்க மாட்டோம். செப்டம்பர் வரை கட்டியதற்கான பலன் காலம் அடுத்த ஆண்டு ஜூன் 30 வரை இருக்கிறது. அதனால் அம்மாவின் சிகிச்சையை இப்போது போகும் டிஸ்பென்சரியிலேயே தொடரலாம். அக்டோபர் 1 முதல் கம்பெனியின் குரூப் இன்ஷூரன்ஸிலும் உங்கள் பெயர் சேரும். கார்டு வந்ததும் கூப்பிடுகிறோம்.

"அக்டோபர் 2 வேலைக்கு வந்தேன்"

> வணக்கம். அன்றைக்கு இரட்டைச் சம்பளம், அல்லது ஒரு நாள் சம்பளத்தோடு மாற்று விடுமுறை, இரண்டில் எது வேண்டும் என்பது உங்கள் விருப்பம். 15-ஆம் தேதிக்குள் சொல்லுங்கள்.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15-க்கும் இதே பதில்தான். சூப்பர்வைசர் "மாற்று விடுமுறைதான்" என்று சொல்லிவிட்டால் அது தொழிலாளியின் விருப்பம் ஆகாது; நாம் அவரிடமே கேட்கிறோம்.

"டேக்ஸ் ஏன் பிடிக்கலை? பின்னாடி மொத்தமா பிடிப்பீங்களா?"

> வணக்கம். மாட்டோம். புதிய வரி முறையில் உங்கள் ஆண்டுச் சம்பளம் 12.75 லட்சத்துக்குள் இருப்பதால் சம்பளத்துக்கு வரி வரவில்லை. வட்டி, வாடகை போன்ற வேறு வருமானம் இருந்தால் கணக்கு மாறும், இருந்தால் சொல்லுங்கள். ஃபார்ம் 16 ஜூன் 15-க்குள் மெயிலில் வரும்.

பிரசவ விடுப்பு

செய்தி சொல்ல வரும்போதே "வேலை போய்விடுமோ" என்ற தயக்கம் இருக்கும். அதனால் இதில் மட்டும் வாழ்த்து முதல் வரியில் வரட்டும், விடை அடுத்த வரியில்.

> வணக்கம் மா, ரொம்ப சந்தோஷம். உங்களுக்கு 26 வாரம் முழுச் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. டாக்டர் சொன்ன தேதி பிப்ரவரி 10 என்பதால், 8 வாரம் முன்னதாக டிசம்பர் 16-லிருந்து எடுக்கலாம். அப்படி எடுத்தால் ஜூன் 15 வரை விடுப்பு, 16-ஆம் தேதி வேலைக்குத் திரும்பலாம். இன்னும் கொஞ்ச நாள் வேலை செய்துவிட்டுப் பிறகு தொடங்க விரும்பினால் அதுவும் உங்கள் இஷ்டம். மொத்த வாரங்கள் குறையாது. இது இரண்டாவது குழந்தை என்பதாலும், கடந்த 12 மாதத்தில் 80 நாளுக்கு மேல் வேலை செய்திருப்பதாலும் தகுதியில் சந்தேகமே இல்லை. திரும்பி வந்த பின் கேட் அருகே உள்ள குழந்தைகள் காப்பகத்தைப் பயன்படுத்தலாம். நைட் ஷிஃப்ட் இப்போதே வேண்டாம் என்றால் சொல்லுங்கள், இந்த வாரமே மாற்றுவோம்.

இது இ.எஸ்.ஐ.யில் இல்லாதவர்களுக்கு. இ.எஸ்.ஐ.யில் இருப்பவருக்குப் பணம் அங்கிருந்து வரும். "கம்பெனி தரும்" என்று மாற்றி எழுதிவிட்டால் பிறகு வீட்டில் சண்டை வரும். மூன்றாவது குழந்தை என்றால் 12 வாரம். அதைச் சொல்லும்போது கூட ஒரு வார்த்தையும் உபதேசம் வேண்டாம்.

"அட்வான்ஸ் வேணும்" (முந்தைய அட்வான்ஸ் பாக்கி இருக்கும்போது)

> வணக்கம். இந்த மாதம் புது அட்வான்ஸ் தர முடியாது. ஜூனில் வாங்கியதில் இன்னும் இரண்டு தவணை, மொத்தம் 6,000 ரூபாய் பாக்கி இருக்கிறது. அது முடிந்ததும் செப்டம்பரில் கேட்கலாம். மருத்துவச் செலவு என்றால் விதி வேறு. ஆஸ்பத்திரி எஸ்டிமேட்டைக் காட்டினால் பாக்கி இருந்தாலும் பிளான்ட் ஹெட்டிடம் கொண்டு போகிறோம். என்ன செலவு என்று இங்கே எழுதத் தயங்கினால் இன்டர்காம் 214-க்குப் பேசுங்கள்.

"வருந்துகிறோம்" என்று ஆரம்பித்து நான்கு வரி கழித்து இல்லை என்று சொல்வதைவிட இது மரியாதை.

"வேலையை விடுறேன், கிராஜுவிட்டி எவ்வளவு வரும்?"

> வணக்கம். உங்களுக்குக் கிராஜுவிட்டி 60,000 ரூபாய். 7 வருடம் 8 மாதம் வேலை செய்திருக்கிறீர்கள். ஆறு மாதத்துக்கு மேல் இருப்பதால் 8 வருடமாகக் கணக்காகும். கடைசிப் பேசிக்கும் டி.ஏ.வும் 13,000, அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் வருடத்துக்கு 7,500. கடைசி வேலை நாளிலிருந்து 30 நாளுக்குள் உங்கள் கணக்கில் வரும். மீதமுள்ள ஈட்டிய விடுப்புக்கான பணம் தனி. இத்தனை வருட உழைப்புக்கு நன்றி. புது இடத்தில் சேர்ந்ததும் பழைய யு.ஏ.என்.-ஐயே கொடுங்கள், புதிதாக ஒன்று எடுக்க வேண்டாம்.

"மனசு சரியில்லை, ரெண்டு நாள் வர முடியாது"

> சரி, ஓய்வெடுங்கள். இரண்டு நாளும் விடுப்பாகப் பதிந்துவிட்டோம். காரணம் "சொந்த வேலை" என்று மட்டும் இருக்கும். யாரிடமாவது பேசணும் போல இருந்தால் 14416, டெலி-மானஸ், எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. நாளை மாலை ஒருமுறை போன் செய்யட்டுமா?

செய்தியில் உயிர் பற்றி ஏதாவது தொனித்தால் டெம்ப்ளேட்டை மூடிவிட்டு உடனே போன் போடுங்கள்.

பாலியல் தொல்லைப் புகார்

> நீங்கள் சொன்னதற்கு நன்றி. இதை ஹெல்ப்டெஸ்கில் யாரும் விசாரிக்க மாட்டோம். இனி உள் புகார்க் குழுதான் கையாளும். குழுத் தலைவி ஒரு பெண் அதிகாரி, வெளியிலிருந்து ஒரு உறுப்பினரும் இருக்கிறார். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். எழுதுவதில் உதவி வேண்டுமென்றால் குழுவே செய்யும். தலைவியின் நேரடி எண்ணை இதோடு அனுப்பியிருக்கிறோம். விசாரணை நடக்கும்போது உங்களுக்கு வேறு ஷிஃப்ட்டோ விடுப்போ வேண்டுமென்றால் குழுவிடம் எழுத்தில் கேட்கலாம்.

"யார் அது?", "அப்போதே ஏன் சொல்லவில்லை?" இரண்டையும் கேட்கக் கூடாது. இந்த உரையாடலை குரூப்பிலோ சூப்பர்வைசருக்கோ ஃபார்வேர்டு செய்யவும் கூடாது.

பணியாளர் இறந்த பின் வீட்டிலிருந்து வரும் செய்தி

> அம்மா, ஆழ்ந்த அனுதாபங்கள். இப்போது நீங்கள் எந்தப் பேப்பருக்கும் அலைய வேண்டாம். காரியம் முடிந்த பின், நீங்கள் சொல்லும் நாளில் எங்களில் ஒருவர் வீட்டுக்கு வருவார். பி.எஃப்., அதோடு உள்ள இன்ஷூரன்ஸ், குடும்ப பென்ஷன், கிராஜுவிட்டி எல்லாவற்றுக்கும் படிவம் எங்களிடமே இருக்கிறது. அன்றைக்கு இறப்புச் சான்று, உங்கள் ஆதார், பேங்க் பாஸ்புக் மூன்றும் இருந்தால் போதும். இடையில் யாராவது பணம் வாங்கித் தருகிறேன் என்று கமிஷன் கேட்டால் கொடுக்காதீர்கள். இதற்கு ஒரு ரூபாயும் செலவில்லை.

முதல் செய்தியில் தொகை எழுதாதீர்கள். பி.எஃப்.போடு வரும் இன்ஷூரன்ஸ் 7 லட்சம் வரை போகும் என்றாலும், கணக்குப் போடாமல் சொன்ன எண் அந்த வீட்டில் நிலைத்துவிடும். நாமினி யார் என்பதைப் பதிவேட்டில் பார்த்த பிறகே போங்கள். கிராஜுவிட்டிக்கு ஐந்து வருடம் வேலை செய்திருக்க வேண்டும் என்ற கணக்கு, பணியாளர் இறந்தால் கிடையாது.

பதில் நமக்கே தெரியாதபோது

> வணக்கம். இதற்குச் சரியான பதில் எங்களிடம் இப்போது இல்லை. அக்கவுன்ட்ஸில் கேட்டு நாளை மதியம் 3 மணிக்குள் சொல்கிறோம். அதற்குள் தெரியாவிட்டாலும், தெரியவில்லை என்று அதே 3 மணிக்குச் சொல்வோம்.

"கேன்டீன் சாம்பார் சரியில்லை"

> கேன்டீன் கமிட்டிக்கு இன்றைக்கே அனுப்பிவிட்டோம். வெள்ளிக்கிழமை 4 மணிக்கு அவர்கள் கூடுகிறார்கள்; நீங்களும் வந்து சொன்னால் இன்னும் நல்லது.