முப்பது நொடியில் ஒரு பாடம்: கணக்குச் செயலிக்கான விளம்பர ஸ்கிரிப்ட்

நீளம் 30 நொடி. செங்குத்து வடிவம், 1080 × 1920. காட்சியில் ஒரு கையும் ஒரு போனும் மட்டும், முகம் வராது. குரல் ஒரு பெண்ணுடையது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குச் சொல்வதுபோலப் பேச வேண்டும். அறிவிப்பாளர் தோரணை வேண்டாம்.

பாடம்: சதவீதத்தைத் திருப்பிப் போடுதல். இது நிஜமாகவே முப்பது நொடிக்குள் முடிகிற பாடம் என்பதால்தான் எடுத்தேன். கூட்டுவட்டிப் பாடம் திரையில் இன்னும் அழகாக இருக்கும். ஆனால் வேகமாக ஓட்டினால்தான் அது முப்பது நொடிக்குள் அடங்கும். ஓட்டினால் பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். அதனால் படம் முழுக்க நிஜ வேகம். மேல் ஓரத்தில் 30-லிருந்து இறங்கும் கடிகாரம், முதல் ஃபிரேமிலிருந்தே.

0–4 நொடி
திரை: போன் முழுத் திரையில். கேள்வி அட்டை: "25-இல் 36% எவ்வளவு?" கட்டைவிரல் தொடத் தயங்கி நிற்கிறது.
குரல்: இருபத்தஞ்சுல முப்பத்தாறு சதவீதம். மனக்கணக்கா சொல்லுங்க பாப்போம்.

4–10 நொடி
திரை: விரல் அட்டையைத் தள்ளுகிறது. 25, 36 இரண்டும் இடம் மாறுகின்றன. % குறி இருந்த இடத்திலேயே நிற்கிறது. "36-இல் 25%." கீழே ஒரு சதுரம் நான்காகப் பிரிந்து, ஒரு கால் மட்டும் நிறம் பெறுகிறது. அதில் 9.
குரல்: கஷ்டமா இருக்கா? திருப்பிப் போடுங்க. முப்பத்தாறுல இருபத்தஞ்சு சதவீதம். கால் பங்கு. ஒன்பது!

10–14 நொடி
திரை: 36 × 25 ÷ 100 = 25 × 36 ÷ 100
குரல்: ரெண்டும் ஒரே பெருக்கல்தான். அதான் விடையும் ஒண்ணு.

14–17 நொடி
திரை: புதிய அட்டை. "50-இல் 86%?" எண்பலகை மேலே எழும்புகிறது.
குரல்: இப்ப நீங்க. அம்பதுல எண்பத்தாறு சதவீதம்?

17–21 நொடி
திரை: எதுவும் அசையாது. கடிகாரம் மட்டும் இறங்குகிறது: 13, 12, 11, 10.
குரல் இல்லை. இசையும் இல்லை.

21–24 நொடி
திரை: விரல் 4, பிறகு 3 அழுத்துகிறது. பச்சை டிக்.
குரல்: நாப்பத்திமூணு. எண்பத்தாறுல பாதி!

24–26 நொடி
திரை: "பாடம் முடிந்தது."
குரல்: அவ்வளவுதான், பாடம் முடிஞ்சுது.

26–30 நொடி
திரை: கடிகாரம் 4-லிருந்து இறங்கிக்கொண்டே இருக்க, செயலியின் சின்னம். கீழே: "பதிவிறக்கி, அடுத்த பாடத்தைத் திறங்கள்."
குரல்: இன்னும் நாலு நொடி மிச்சம். அடுத்தது என்ன?

எடிட்டருக்கும் விளம்பரக் குழுவுக்கும் சில வார்த்தைகள்.

17–21-இல் வரும் மௌனத்தைத்தான் முதலில் வெட்டச் சொல்வார்கள். அங்கே சலுகை வரியையோ சின்னத்தையோ நுழைக்கச் சொல்வார்கள். கொடுக்காதீர்கள். அந்த நான்கு நொடியில்தான் பார்ப்பவர் தானே கணக்குப் போடுகிறார். 86-இல் பாதியை அவர் மனதில் சொல்லி முடித்த பிறகு விரல் 4-ஐத் தொட வேண்டும். முந்திக்கொண்டால் இது வெறும் திரைப்பதிவு. படத்தை 15 நொடிக்குக் குறைக்கச் சொன்னால் இதை வெட்டித் தர முடியாது, வேறு சின்னப் பாடம் எடுத்துத் தனியாக எழுத வேண்டும்.

"எந்தச் சதவீதமும் நொடியில்" என்று தலைப்பில் போடக் கூடாது. திருப்பிப் போட்டால் விடை எப்போதும் மாறாது, உண்மை. ஆனால் எப்போதும் சுலபமாகிவிடாது: 83-இல் 37% என்றால் எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே பாடுதான். ஒரு எண் 25, 50, 10 மாதிரி இருந்தால்தான் வித்தை பலிக்கும். கருத்துப் பகுதியில் முதல் ஆளே இதைப் பிடித்துவிடுவார்.

ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பவர்கள் நிறைய. குரலில் வரும் ஒவ்வொரு வரியும் எழுத்தாகவும் வர வேண்டும், ஆனால் எண்களை எழுத்தால் எழுத வேண்டாம்: "முப்பத்தாறு" படிக்கும் நேரத்தில் "36" மூன்று முறை படித்துவிடலாம். எழுத்து திரையின் நடுப்பகுதிக்குள் நிற்கட்டும். அடியிலும் வலது ஓரத்திலும் தளத்தின் பொத்தான்கள் மூடிவிடும்.

பச்சை டிக்குக்குச் செயலியில் இப்போதுள்ள அதே ஒலி போதும். கைதட்டல், வண்ணத்தூவல் எதுவும் சேர்க்காதீர்கள். இறக்கிப் பார்ப்பவருக்கு அது அங்கே கிடைக்காது.

திரையைப் பதிவு செய்யும்போது போனை விமானப் பயன்முறையில் வையுங்கள். இடையில் ஓர் அறிவிப்பு எட்டிப் பார்த்தாலும் முழுவதையும் திரும்ப எடுக்க வேண்டியதுதான், ஏனென்றால் வெட்டி ஒட்டினால் கடிகாரம் காட்டிக்கொடுத்துவிடும்.