69-ம் சரி, 13-ம் சரி: நீ அனுப்பிய மீதிக் கணக்கு

தம்பி, படம் கிடைத்தது. நகல் எடுத்த பக்கம் என்பதால் ஒரு இலக்கத்தில் மை தீற்றியிருக்கிறது. மற்றதெல்லாம் தெளிவாகத்தான் இருக்கிறது. நான் படித்தபடி கேள்வியை எழுதுகிறேன், சரிபார்த்துக்கொள்.

(அ) 731, 1571, 29▢5 ஆகிய மூன்று எண்களையும் வகுக்கும்போது ஒரே மீதியைத் தரும் மிகப்பெரிய எண் N-ஐக் காண்க.
(ஆ) 30x-ஐ N-ஆல் வகுத்தால் மீதி 54 எனில், x-இன் மிகச்சிறிய மிகை முழு மதிப்பைக் காண்க. N-க்குள் இப்படி எத்தனை மதிப்புகள் உள்ளன?

அந்தக் கட்டத்தில் இருப்பது 1-ஆ 7-ஆ என்று தெரியவில்லை, 1 என்று வைத்துக்கொண்டேன் என்று ஓரத்தில் எழுதியிருக்கிறாய். 1 தான். ஆனால் அதை ஊகமாக விட வேண்டாம், கேள்வியே அதைச் சொல்லிவிடுகிறது. எப்படி என்று கொஞ்சம் கழித்துப் பார்க்கலாம்.

முதலில் (அ). மீதி என்னவென்றே தெரியாதபோது வகுக்கும் எண்ணை எப்படிக் கண்டுபிடிப்பது? மீதியை r என்று வைத்தால், மூன்று எண்களும் N-இன் ஒரு மடங்கோடு r சேர்ந்தவை. இரண்டை எடுத்துக் கழித்தால் r காணாமல் போய்விடும், N-இன் மடங்கு மட்டும் மிஞ்சும். ஆகவே வித்தியாசங்களைப் பார்த்தால் போதும்:

1571 − 731 = 840
2915 − 1571 = 1344

மூன்றாவது வித்தியாசமான 2184 இந்த இரண்டின் கூட்டல்தான், அதனால் புதிதாக எதையும் சொல்லாது. N இந்த இரண்டையும் மீதியின்றி வகுக்க வேண்டும். அப்படி வகுக்கும் எண்களில் மிகப்பெரியது வேண்டும். அதாவது மீ.பொ.வ. நீ பகாக் காரணிகளாகப் பிரித்திருக்கிறாய், தவறில்லை. ஆனால் எண்கள் பெரிதாகிவிட்டால் காரணிகளைத் தேடியே நேரம் போய்விடும். யூக்ளிட் முறைக்குக் காரணி எதுவுமே தெரிய வேண்டாம்:

1344 = 840 × 1 + 504
840 = 504 × 1 + 336
504 = 336 × 1 + 168
336 = 168 × 2 + 0

N = 168. மீதி எவ்வளவு? 731 = 168 × 4 + 59. மற்ற இரண்டையும் வகுத்துப் பார்: 1571 = 168 × 9 + 59, 2915 = 168 × 17 + 59. மூன்றுக்கும் 59.

இப்போது அந்த மங்கிய இலக்கம். அது 7 என்று வைத்தால் எண் 2975. 2975 − 1571 = 1404. 840, 1404 இரண்டுக்கும் மீ.பொ.வ 12. மூன்று எண்களையும் 12-ஆல் வகுத்தால் மீதி 11 வரும், அதுவும் முரண்பாடில்லாத விடைதான். (அ) மட்டும் இருந்திருந்தால் நம்மால் தீர்மானிக்க முடியாது. ஆனால் (ஆ)-வில் N-ஆல் வகுத்து மீதி 54 என்கிறார்கள். மீதி எப்போதும் வகுக்கும் எண்ணைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். 12-ஆல் வகுத்து 54 மீதி வர வழியே இல்லை. எனவே 2915.

சரி, நீ உண்மையில் கேட்டது (ஆ)-வைப் பற்றி. உனக்கு 69 வந்தது, விடைப் பக்கத்தில் 13 என்று இருக்கிறது. 69-ஐப் போட்டுப் பார்த்தால் 30 × 69 = 2070 = 168 × 12 + 54, பொருந்துகிறது. 13-ஐப் போட்டாலும் 390 = 168 × 2 + 54, அதுவும் பொருந்துகிறது. பிறகு ஏன் 13 கைக்குச் சிக்கவில்லை? நல்ல கேள்வி. இந்தப் பாடத்தில் நான் அதிகம் அக்கறை எடுத்துச் சொல்லித்தரும் இடமும் இதுதான்.

உன் இரண்டாவது வரியைப் பார். 30x ≡ 54 (mod 168) என்பதை 6-ஆல் வகுத்து 5x ≡ 9 (mod 168) என்று எழுதியிருக்கிறாய். சாதாரணச் சமன்பாட்டில் இது செல்லும், இங்கே செல்லாது. ≡ குறியை எடுத்துவிட்டு அதன் பொருளை எழுதிப் பார்:

30x − 54 = 168k

இங்கே k ஏதோ ஒரு முழு எண். இதை 6-ஆல் வகுத்தால் எல்லா உறுப்பும் வகுபடும்:

5x − 9 = 28k

168-ம் வகுபட்டு 28 ஆகிவிட்டது. அதை நீ 168 என்றே விட்டதால், தேவைக்கு மேல் கடுமையான ஒரு நிபந்தனையைப் போட்டுவிட்டாய். 5x − 9 என்பது 168-இன் மடங்காக வேண்டும் என்றால், 30x − 54 என்பது 1008-இன் மடங்காக வேண்டும். கேள்வி அவ்வளவு கேட்கவில்லை. 13-ஐப் போட்டால் 5 × 13 − 9 = 56; இது 28-இன் மடங்கு, 168-இன் மடங்கு இல்லை. அதனால்தான் 13 உன் வலையில் விழவில்லை. 69 அந்தக் கடுமையான நிபந்தனையையும் தாண்டிவிட்டதால் உனக்குக் கிடைத்தது.

இனி 5x ≡ 9 (mod 28). 5-க்கும் 28-க்கும் 1-ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லை என்பதால், 5-உடன் பெருக்கினால் 1 மீதி தரும் எண் கட்டாயம் இருக்கும். அதைத் தேடவும் அதே யூக்ளிட் முறைதான். கீழே போய்விட்டு, வந்த வழியே மேலே ஏற வேண்டும்:

28 = 5 × 5 + 3
5 = 3 × 1 + 2
3 = 2 × 1 + 1

1 = 3 − 2 = 3 − (5 − 3) = 2 × 3 − 5 = 2 × (28 − 5 × 5) − 5 = 2 × 28 − 11 × 5

ஆக 5-இன் நேர்மாறு −11, அதாவது 17. (5 × 17 = 85 = 28 × 3 + 1.) இரு பக்கமும் 17-ஆல் பெருக்கினால் x ≡ 153 ≡ 13 (mod 28). இப்படி மீதிகளை அடுக்கித் தலைகீழாக ஏறும் வழியை ஆரியபட்டர் 499-இலேயே தந்திருக்கிறார், குட்டகம் என்பது அதன் பெயர். ≡ குறி வந்தது காஸ் 1801-இல் பயன்படுத்திய பிறகுதான்.

மிகச்சிறிய x 13. அதோடு 28, 28-ஆகக் கூட்டிக்கொண்டே போனால் 168-க்குள் 13, 41, 69, 97, 125, 153 என்று ஆறு மதிப்புகள். உன் 69 நடுவில் உட்கார்ந்திருக்கிறது பார். ஆறு வந்தது தற்செயல் இல்லை: 30, 168 இரண்டின் மீ.பொ.வ 6. தீர்வு இருந்தால் N-க்குள் அத்தனைதான் இருக்கும். மீதி 54-க்குப் பதில் 55 என்று கேட்டிருந்தால் ஒன்றுகூட இருக்காது, ஏனென்றால் 30x-ம் 168k-வும் 6-இன் மடங்குகள், 55 அப்படி இல்லை.

எனவே வகுக்கும் முன் மீ.பொ.வ-வை எழுதிவிடு. இரு பக்கத்தையும் எந்த எண்ணால் வகுக்கிறாயோ, அந்த எண்ணுக்கும் mod-இல் உள்ள எண்ணுக்கும் மீ.பொ.வ எதுவோ, அதனால் mod எண்ணை வகுக்க வேண்டும். மீ.பொ.வ 1 என்றால் mod எண் அப்படியே நிற்கும்.

இதைக் கையில் போட்டுப் பார்க்க ஒரு கணக்கு: 45x ≡ 54 (mod 168). முதலில் 3-ஆல் வகு, 168 என்பது 56 ஆகும். மறுபடி 3-ஆல் வகு. 3-க்கும் 56-க்கும் பொதுக் காரணி இல்லாததால் இந்த முறை 56 மாறாது. 46, 102, 158 என்று மூன்று மதிப்புகள் வர வேண்டும். வராவிட்டால் எந்த வரியில் mod எண் தவறியது என்று குறித்து அனுப்பு.